ஹார்ட்ஸ் ஆட்டத்துல எந்த மூணு சீட்ட தள்ளணும்: இடது, வலது, எதிர்னு பக்கம் பாத்து முடிவெடுக்கது எப்படி

ரம்மியும் கழுதையும் ஆடி வளந்த நம்ம ஊரு ஆளுங்க ஹார்ட்ஸுக்கு வரும்போது ரூல்ஸ அஞ்சு நிமிசத்துல புரிஞ்சிக்கிடுவாங்க, அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா ஆட்டம் தொடங்குததுக்கு முன்னாலயே கையில இருந்து மூணு சீட்ட எடுத்து பக்கத்துல இருக்கவருக்கு தள்ளணும்ல, அந்த எடம்தான். யார்கிட்ட கேட்டாலும் "பெருசா இருக்கத தள்ளுல" அப்டிங்கதோட முடிச்சிருவாங்க, எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அத நம்பி ரொம்ப நாளு ஆடி, ஸ்பேடு ராணிய தூக்கி தூக்கி நொந்து போன பொறவுதான் யாருக்கு தள்ளுதோங்கத வச்சு எத வச்சிக்கிடணும்ங்கதே மாறும்னு விளங்கிச்சு. புதுசா வாறவங்க அம்புட்டு சுத்த வேண்டாம்னுதான் இத எழுதுதேன். அடிப்படை ரூல்ஸ் தெரியும்னு வச்சிக்கிட்டுதான் சொல்லுதேன், தெரியாட்டா ஒரு ஆட்டம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வந்து படிங்க.

1. உக்காருததுக்கு முன்ன தயார் பண்ண வேண்டியது

ஜோக்கர் எடுத்த 52 சீட்டு ஒரு கட்டு, நாலு பேரு, ஒரு பேப்பரு, ஒரு பேனா. ஆளுக்கு 13 சீட்டு. பேப்பர் தலைப்புல முதல் கை இடது, ரெண்டாவது வலது, மூணாவது எதிர், நாலாவது தள்ளல் கிடையாது, பொறவு திரும்ப இடதுன்னு எழுதி வச்சிருங்க. இது சின்ன விசயமா தெரியும், ஆனா நடுவுல கரண்ட் போயி காப்பி குடிச்சிட்டு வந்து உக்காந்தா போன தடவ எந்தப் பக்கம் தள்ளினோம்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது, அதுல ஒரு சண்டை வந்து அத்தான் கோவிச்சிட்டு எந்திரிச்சி போயிருவாரு.

இன்னொரு விசயத்தையும் மொதல்லயே கேட்டுக்கிடுங்க, ஆட்டம் எந்தப் பக்கமா சுத்துதுன்னு. ஹார்ட்ஸ் இடது பக்கமா சுத்தும், அதாவது நீங்க போட்டதும் அடுத்து உங்க இடது கை ஆளு போடணும். ஆனா இருபத்தெட்டு ஆடிப் பழகினவங்க வீட்டுல எல்லா ஆட்டத்தையும் வலது பக்கமாத்தான் சுத்துவாங்க. அப்படின்னா இந்தக் கட்டுரையில நான் இடதுன்னு சொல்லுதது எல்லாத்தையும் வலதுன்னும் வலத இடதுன்னும் மாத்திக்கிடுங்க, இல்லாட்டா எல்லாமே தலைகீழாயிரும்.

2. எது எம்புட்டு செலவு

ஆட்டின் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புள்ளி, ஆக 13. ஸ்பேடு ராணி ஒத்த சீட்டுக்கே 13. ஒரு கையில மொத்தம் 26 புள்ளி, கொறச்சலா வாங்கினவருதான் ஜெயிச்சாரு, யாராவது 100 தொட்டா ஆட்டம் முடிஞ்சிச்சு. ஒரு கையில ஒருத்தருக்கு 26க்கு மேல ஏறவே ஏறாது, அதனால மூணு கையில 78தான் ஆகும், நாலு கை ஆடாம யாரும் 100 தொட முடியாது. அதாவது எந்த ஆட்டத்துலயும் இடது, வலது, எதிர் மூணுமே கட்டாயம் ஒரு தடவயாவது வந்தே தீரும், ஒரு பக்கத்துக்கு மட்டும் படிச்சா போதும்னு இருக்க முடியாது.

ஸ்பேடு ராணி ஒத்த சீட்டு, ஆட்டின் பதிமூணுக்கும் சமமா நிக்கி. அதனால தள்ளல் பத்தின யோசனைல முக்காவாசி இந்த ராணி எங்க போகுது, நம்ம ஸ்பேடு ஏஸும் ராஜாவும் அவளுக்கு முன்னால விழுதா பின்னால விழுதாங்கதுதான். மிச்சம் டைமன், கிளாவர் எல்லாம் ரெண்டாம் பட்சம்.

3. மூணு மோசமான சீட்டும் மூணு பெரிய சீட்டும் ஒண்ணு இல்ல

ரம்மியில சேராத பெரிய சீட்ட மொதல்ல கழட்டி விடுவோம்ல, அந்தப் பழக்கந்தான் இங்க காலை வாரும். இங்க ஒரு சீட்டு மோசமா இல்லையாங்கத அது கூட இருக்க சின்ன சீட்டுதான் சொல்லும்.

கிளாவர் ஏஸ எடுத்துக்கிடுங்க. பாக்க பயமா இருக்கும், புதுசா வாறவங்க அதத்தான் மொதல்ல தள்ளுவாங்க. ஆனா முதல் பிடி எப்பவும் கிளாவர் ரெண்டுல தொடங்குது, வழக்கமான ரூல்ஸ் படி அந்த முதல் பிடியில யாரும் ஆட்டினோ ராணியோ போடக் கூடாது. அதனால கிளாவர் ஏஸ முதல் பிடியில போட்டு சும்மா இறக்கி விட்டுரலாம், ஒரு புள்ளியும் வராது. (சில வீட்டுல முதல் பிடியிலயும் புள்ளி போடலாம்பாங்க, அதையும் உக்காரும்போதே கேட்டுருங்க.) அதுக்காக ஒரு தள்ளல வீணாக்காதீங்க.

அதே மாதிரி ஸ்பேடு ராணியே கையில இருந்தாலும், அவ கூட அவளுக்கு கீழ உள்ள ஸ்பேடு மூணோ அதுக்கு மேலயோ இருந்தா அவ மோசம் இல்ல. மத்தவங்க ஸ்பேடு எறக்கி எறக்கி அவள வெளிய இழுக்கப் பாப்பாங்க, நீங்க கூட இருக்க சீட்டா போட்டுக்கிட்டே இருந்தா மூணு சுத்துல ஸ்பேடு பெரும்பாலும் காலியாயிரும், அதுக்கு மேல இழுக்க அவங்ககிட்ட சீட்டு அதிகம் இருக்காது. அந்த மாதிரி கையில ராணிய வச்சிக்கிட்டு, ரெண்டு மூணு சீட்டு மட்டும் இருக்க டைமனையோ கிளாவரையோ மொத்தமா தள்ளி காலி பண்ணிருங்க. அந்த இனம் எறங்கும்போது ராணிய தூக்கி யார் தலையிலயாவது போடலாம்.

ராணிக்கு கீழ உள்ள ஸ்பேட, அதாவது ஜாக்கியில இருந்து ரெண்டு வரைக்கும், எந்தப் பக்கம் தள்ளினாலும் தள்ளாதீங்க. அதுதான் ராணிக்கு காவல். உங்ககிட்ட ராணி இல்லாட்டாலும் யாராவது உங்களுக்கு அவள தள்ளுவாங்க, அப்ப காவல் இல்லாம ஒத்தையா நின்னா இழுத்து வெளிய போட்டுருவாங்க.

4. பக்கம் ஏன் கணக்கு

பிடி யார் தொடங்கினாலும் சுத்து ஒண்ணுதான். நீங்க போட்ட பொறவு இடது கை ஆளு, பொறவு எதிர்ல இருக்கவரு, பொறவு வலது கை ஆளு. இப்ப ஒவ்வொருத்தரும் உங்களுக்கு முன்னால போடுதாரா பின்னால போடுதாரான்னு பாருங்க.

இடது கை ஆளு அவரே தொடங்கினாத்தான் உங்களுக்கு முன்னால போடுவாரு. நீங்க தொடங்கினாலும், எதிர்ல உள்ளவரு தொடங்கினாலும், வலது கை ஆளு தொடங்கினாலும் அவரு உங்களுக்கு பின்னாலதான். நாலுல மூணு தடவ உங்க சீட்ட பாத்துட்டுத்தான் அவரு போடுவாரு. வலது கை ஆளு இதுக்கு நேர் எதிர், நீங்க தொடங்கினா மட்டுந்தான் பின்னால, மத்த மூணு தடவயும் அவரு போட்டத நீங்க பாத்துட்டுத்தான் போடுவீங்க. எதிர்ல இருக்கவரு பாதிக்குப் பாதி.

ராணிய யாருக்கு தள்ளினீங்களோ அவருகிட்ட அவ இருக்கான்னு இந்த உலகத்துலயே உங்களுக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். அந்த விவரம் உங்களுக்கு பிரயோஜனப்படணும்னா அவரு உங்களுக்கு முன்னால போடணும். பின்னால போட்டாருன்னா அந்த விவரம் அவருக்குத்தான் பிரயோஜனம், நீங்க ஏஸ போட்ட மறு நிமிசம் உங்க ராணிய உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருவாரு. எங்க மாமா ஒருத்தரு இருக்காரு, இடது பக்கம் உக்காந்து ராணிய வாங்குனாருன்னா வாயத் தொறக்காம சிரிப்பாரு. "ஏல, ராணிய என்கிட்ட அனுப்பிட்டு ஏஸ நீ வச்சிருக்கியாக்கும்?" அப்டிம்பாரு, சீட்ட பாக்காமலே.

5. ஒரே கை, மூணு பக்கம்

கையில இது வந்திருக்குன்னு வச்சிக்கிடுங்க.

ஸ்பேடு: ஏஸ், ராணி, 6
ஆட்டின்: ஜாக்கி, 7, 3, 2
டைமன்: ராஜா, 9
கிளாவர்: ஏஸ், 10, 8, 4

ஸ்பேடு மூணுதான் இருக்கு, ராணிக்கு காவல் போதாது. அவ எப்படியும் போகணும். ஆட்டின்ல 2, 3, 7 இருக்கதால ஜாக்கி பயம் இல்ல. கிளாவர் ஏஸ் முதல் பிடியில போயிரும். கேள்வி என்னன்னா, ஸ்பேடு ஏஸ் போகணுமா நிக்கணுமா, டைமன காலி பண்ணணுமா.

*இடது பக்கம் தள்ளும்போது:* ராணி, ஸ்பேடு ஏஸ், டைமன் ராஜா. ஏஸ வச்சிக்கிட்டு ராணிய மட்டும் அனுப்பினா, ஸ்பேடு எறங்குத மொத தடவ 6 போட்டுருவீங்க, ரெண்டாவது தடவ ஏஸத் தவிர வேற இருக்காது, நாலுல மூணு தடவ ராணி உங்களுக்கு பின்னால காத்துக்கிட்டு இருப்பா. அதனால ரெண்டையும் சேத்து அனுப்பிருங்க. மிச்சம் ஸ்பேடு 6 ஒத்தையா நிக்கி, அது நல்லதுதான். கிளாவர் ஏஸால முதல் பிடிய எடுத்துட்டு உடனே அந்த 6 எறக்கலாம், ராணிய இழுக்குத வேலையும் தொடங்கும், உங்களுக்கு ஸ்பேடும் காலியாயிரும். இதுல ரெண்டு பயம் இருக்கு. வலது கை ஆளு உங்களுக்கு ஸ்பேடு ராஜாவ தள்ளியிருந்தா 6 எறக்காதீங்க, எறக்கினா ராஜா ஒத்தையாயிருவாரு. இன்னொண்ணு, ஒருத்தருக்கே இம்புட்டு பெரிய சீட்டா அனுப்புதோம், அவரு கை ஏற்கனவே பலமா இருந்தா 26 புள்ளியும் தானே வாரி எடுத்து மத்த மூணு பேருக்கும் 26 ஏத்தப் பாப்பாரு. அவரு வரிசையா பிடி எடுக்க ஆரம்பிச்சாருன்னு தெரிஞ்சா ஆட்டின் ஜாக்கிய பத்திரமா வச்சிருந்து ஒரே ஒரு ஆட்டின் பிடியையாவது வாங்கிருங்க, ஒண்ணு ரெண்டு புள்ளி போனா போகட்டும்.

*வலது பக்கம் தள்ளும்போது:* ராணி, டைமன் ராஜா, டைமன் 9. ஸ்பேடு ஏஸ் உங்ககிட்டயே நிக்கட்டும். எப்படி தப்பிக்கதுன்னு கேப்பீங்க. மத்தவங்க யாராவது ஸ்பேடு எறக்கினா வலது கை ஆளு உங்களுக்கு முன்னாலயே போட்டிருப்பாரு. அவரு சின்ன ஸ்பேடு போட்டுட்டாருன்னா அந்தப் பிடியில ராணி வரவே முடியாது, ஏன்னா அவ அவருகிட்ட மட்டுந்தான் இருக்கா. அந்த நிமிசமே ஏஸ போட்டு இறக்கிருங்க. ஸ்பேடு மொத சுத்துங்கதால யாரும் ஆட்டின் போடவும் வாய்ப்பு கம்மி, ஏஸ் சும்மா போயிரும். அவரு ராணியையே போட்டாருன்னா நீங்க 6 போட்டு ஒதுங்கிருங்க. ஏஸ் போன பொறவு 6 எப்ப வேணா எறக்கலாம்.

இதுல ஒரு கண்ணி இருக்கு, பலபேரு விழுதது இங்கதான். ஏஸும் 6ம் கையில இருக்கும்போது "ராணிய இழுப்போம்"னு நீங்களே 6 எறக்கிராதீங்க. எறக்கினா ஏஸ் ஒத்தையாயிரும், அடுத்த சுத்துல வலது கை ஆளு உங்களுக்கு முன்னால ராணிய போட்டாலும் நீங்க ஏஸ போட்டு அவள தூக்கித்தான் ஆகணும், முன்னால பாத்து என்ன புண்ணியம். ரெண்டும் சேந்து இருக்கணும், மத்தவங்க எறக்குத வரைக்கும் பொறுமையா இருக்கணும். கிளாவர் ஏஸால முதல் பிடி எடுத்தா அடுத்து கிளாவர் 4 எறக்கி வழிய விடுங்க, அத வாங்குத சீட்டு எல்லாருகிட்டயும் இருக்கும்.

டைமன் ரெண்டும் போயிருச்சு, வாறதுல டைமன் வராட்டா மொத டைமன் சுத்துலயே ஆட்டின் ஜாக்கிய கழட்டி விடலாம்.

*எதிர்ல தள்ளும்போது:* பாதிக்குப் பாதிங்கதால கை கொஞ்சம் தடுமாறும். இதே கையில நான் ஏஸையும் சேத்துத்தான் அனுப்புவேன், அதாவது இடதுக்கு அனுப்புன அதே மூணு. ஏஸுக்கு கூட ஒத்த 6தான் இருக்கு, வலது கை ஆளு ஸ்பேடு எறக்கினா எதிர்ல உள்ளவரு எனக்கு பின்னால வாறாரு, 6 போட்டாகணும், அதோட ஏஸ் ஒத்தையாயிரும். இதே கையில இன்னொரு சின்ன ஸ்பேடு, ஒரு 4ஓ 5ஓ, ராணிய வேறயா வச்சு இருந்திருந்தா ஏஸ வச்சிக்கிட்டு டைமன காலி பண்ணிருப்பேன், ஏன்னா ரெண்டு சுத்து தள்ளிப் போட முடிஞ்சா அவரு எனக்கு முன்னால போடுத ஒரு சுத்து அனேகமா வந்துரும்.

ஏஸுக்கு பதிலா ராஜா இருந்தாலும் இதே கணக்குதான், ஏஸ் வச்சிருக்கவரு சில சமயம் நம்மள காப்பாத்திருவாரு, அது ஒரு சின்ன ஆறுதல். அத நம்பி வச்சிக்கிடாதீங்க.

6. உங்களுக்கு வந்த மூணு சீட்டு

மொதல்ல உங்க மூண எடுத்து கவுத்தி வச்சிட்டுத்தான் வந்தத எடுக்கணும். வந்தத பாத்துட்டு மாத்தப் பாக்கவங்க எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு, விடாதீங்க.

இடது பக்கம் தள்ளுத கையில உங்களுக்கு சீட்டு வாறது வலது கை ஆளுகிட்ட இருந்து. வலது பக்கம் தள்ளுத கையில வாறது இடது கை ஆளுகிட்ட இருந்து. இதுலயும் மேல சொன்ன கணக்கு தலைகீழா வேலை செய்யும். வலது பக்கம் தள்ளுத கையில இடது கை ஆளு உங்களுக்கு ராணிய தள்ளியிருக்காருன்னா, அவரு நான் மேல சொன்னதத்தான் செய்யுதாரு, தன்னோட ஏஸையோ ராஜாவையோ வச்சிருக்க வாய்ப்பு உண்டு, நீங்க போட்டத பாத்துட்டு அத சாவகாசமா இறக்குவாரு. அவரு ஏஸ் மேல ராணிய போடலாம்னு காத்திருக்காதீங்க. ஏதாவது ஒரு இனத்த சீக்கிரம் காலி பண்ணி அதுல ராணிய வெளிய அனுப்பப் பாருங்க. இடது பக்கம் தள்ளுத கையில வலது கை ஆளுகிட்ட இருந்து ராணி வந்தா, கூடவே ஏஸோ ராஜாவோ வந்திருக்கான்னு பாருங்க. ராணி மட்டும் தனியா வந்தா ஒண்ணு அவருகிட்ட ஏஸ், ராஜா இல்ல, இல்லாட்டா அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரியாதவருன்னா உங்களுக்கு முன்னால ஏஸ போட்டு மாட்டுவாரு, ராணிய கையில தயாரா வச்சிருங்க.

எதிர்ல தள்ளுத கையில ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிடுதோம், அவரு கையில மூணு உங்களுக்கு தெரியும், உங்க கையில மூணு அவருக்கு தெரியும். அவரு ஸ்பேடு ஏஸும் ராஜாவும் அனுப்பி, ராணி அதுல இல்ல, நீங்களும் அவருக்கு ராணி அனுப்பலன்னா, அவரு காவலோட அவள வச்சிருக்காரோன்னு ஒரு சந்தேகம் வச்சிக்கிடுங்க. நிச்சயம் இல்ல, ராணி இல்லாதவங்களும் அந்த ரெண்டையும் பயந்து தள்ளுவாங்க. ஆனாலும் அந்த ஏஸ அவரு சின்ன ஸ்பேடு போட்ட பொறவு போடுதது நல்லது.

7. தள்ளாத நாலாவது கை

இதுல ராணி எங்கன்னு அவள வச்சிருக்கவரத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, யாரும் வேணும்னு இனத்த காலி பண்ணியும் இருக்க மாட்டாங்க. அதனால டைமன், கிளாவர் ஏஸ், ராஜா எல்லாம் மொத சுத்துல மத்த கையவிட தைரியமா போடலாம், மூணாவது சுத்துக்கு வச்சிக்கிடாதீங்க. ஸ்பேடு ஏஸோ ராஜாவோ சின்ன ஸ்பேடு கொறச்சலா வச்சு மாட்டிக்கிட்டா, கடைசி ஆளா போடுத ஸ்பேடு சுத்து வரட்டும், மூணு பேரு சீட்டையும் பாத்துட்டு ராணி விழலன்னா அப்பவே இறக்கிருங்க. சின்ன ஸ்பேடு நெறய உள்ளவரு அவரா எறக்குவாரு, அதுவரைக்கும் நீங்க ஸ்பேடு எறக்க வேண்டாம்.